வரி விளம்பர இலாகா அதிபர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ஐயா,

என் பழைய சைக்கிளை விற்கும்பொருட்டு நான் எழுதிக் கொடுத்த விளம்பரத்தை, ஐந்து வரிக்குரிய கட்டணம் என் சக்திக்கு மிஞ்சியது என்று கண்டு, தங்கள் குமாஸ்தா பரம தயையுடன் மூன்று வரியாகச் சுருக்கிப் பிரசுரித்தமைக்கு என் மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அச்சில் வந்தது இது:

ஹெர்க்குலீஸ் 22, நல்ல நிலை
ராடு பிரேக், ரிம்மில் துரு
ரூ. 90, பேரம்

தமிழில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் வாலில் வந்து உட்காருகிற சுபாவமுடையது என்பதையும், வாலை நறுக்கினால் பொருளே தலைகீழாகும் என்பதையும் அந்தப் புண்ணியவான் யோசிக்கவில்லை போலும். நான் எழுதியது ‘துரு இல்லை’, ‘பேரம் இல்லை’. வந்தவர்கள் எல்லோரும் துருவைத் தேடினார்கள். கிடைக்காத கோபத்தில் நாற்பது ரூபாயிலிருந்து பேரத்தை ஆரம்பித்தார்கள்.

‘22 அங்குலச் சட்டம்’ என்பதில் சட்டம் போயிற்று. அந்த 22, கிராங்க் அச்சிலிருந்து சீட்டுக் குழாயின் உச்சிவரை உள்ள அளவு. பெரியவர்கள் ஓட்டும் இவ்வகை ராடு பிரேக் சைக்கிளில் சட்டம் 22 ஆனாலும் 24 ஆனாலும் சக்கரம் பெரும்பாலும் 28 அங்குலமே. வெறும் எண்ணைச் சக்கரத்தின் அளவென்று நம்பித் தன் சிறிய பையனை அழைத்து வந்தவர், அவன் கால் பெடலுக்கு எட்டாததற்கு என்னைக் கடிந்துகொண்டார்.

இவற்றையெல்லாம் பொறுத்தேன். ‘போர்க் ஒருமுறை வளைந்து நிமிர்த்தியது’ என்று நான் மனச்சாட்சிக்கு அஞ்சி எழுதிய வரியை அடியோடு எடுத்துவிட்டு, எந்தச் சைக்கிளுக்கும் பொருந்துவதும் எதையும் தெரிவிக்காததுமான ‘நல்ல நிலை’யை மட்டும் காப்பாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒருவர், முன்சக்கரத்துக்கு மேலே போர்க்கின் தோள்பட்டையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி, வர்ணத்தில் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டார். பின்பு ஹாண்டில்பாரை விட்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கியவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஐயா, எட்டணா வரிக் கட்டணத்தை மிச்சப்படுத்த முயன்று ஊரில் மோசக்காரன் என்ற பட்டத்தைப் பெற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகையால், வெட்டுவதற்கு வாலில்லாதபடி நானே மறுபடியும் எழுதி, மூன்று வரிக்கு உண்டான தொகையுடன் இத்துடன் அனுப்புகிறேன்:

ஹெர்க்குலீஸ், சட்டம் 22 அங்குலம், ராடு பிரேக்
ரிம் துருவற்றது, போர்க் நிமிர்த்தியது
ரூ. 80, ஒரே விலை

பத்து ரூபாய் குறைத்திருப்பது போர்க்குக்காக. தங்கள் கத்தரிக்கோலுக்கு இன்னும் பசி இருக்குமானால் இந்தக் கடிதத்தை இஷ்டம்போல் வெட்டிக்கொள்ளலாம். அந்த மூன்று வரிகளை மட்டும் தயவுசெய்து தொட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகன்