பச்சையாய்ப் போன குடுவை

சாயக்கழிவுநீரின் சி.ஓ.டி. பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதைக் கெடுத்தது உப்பு. திருப்பூர் பக்கம் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகிறவர்கள் உப்பைக் கணக்கில்லாமல் போடுவார்கள். சாயம் நூலில் பிடிக்க வேறு வழியில்லை. அந்த உப்பு முழுக்க என் குடுவைக்குத்தான் வந்து சேரும்.

செய்முறை எளிது. மாதிரி 20 மில்லி, மெர்க்குரிக் சல்பேட் 0.4 கிராம், 0.25 நார்மல் டைக்ரோமேட் 10 மில்லி, சில்வர் சல்பேட் கரைத்த கந்தக அமிலம் 30 மில்லி. கண்டென்சர் மாட்டி இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியதும் மிஞ்சிய டைக்ரோமேட்டை ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் அளக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு அழுக்கு.

எனக்கு அளக்கிற வேலையே வரவில்லை. கொதிக்கும்போதே குடுவை பச்சையாகிவிட்டது. ஆரஞ்சு போய்ப் பச்சை வந்தால் டைக்ரோமேட் தீர்ந்தது என்று அர்த்தம். 20 மில்லியில் இந்த அளவு டைக்ரோமேட் தாங்குவது லிட்டருக்கு 1000 மில்லிகிராம் சி.ஓ.டி. வரைதான். நானோ, 'ஆயிரத்துக்கு மேல்' என்று ஏட்டில் எழுதி, பட்டறைக்காரர்களின் யோக்கியதை பற்றி மனதுக்குள் ஒரு சொற்பொழிவும் நடத்தி முடித்தேன்.

"குளோரைடு பாத்தீங்களா தம்பி?" என்றார் பக்கத்து மேசை அக்கா. பார்க்கவில்லை. பார்த்தபோது லிட்டருக்கு 5000 மில்லிகிராம். அப்படியானால் என் 20 மில்லியில் 100 மில்லிகிராம் குளோரைடு. மெர்க்குரிக் சல்பேட் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு குளோரைடைத்தான் கட்டிப்போடும், 0.4 கிராம் போட்டால் 40 மில்லிகிராம். மிச்சம் 60 மில்லிகிராம் டைக்ரோமேட்டைத் தின்று குளோரினாகப் போகலாம். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் ஆக்சிஜன் போலக் கணக்கில் ஏறும் என்பதால், லிட்டருக்கு ஏறக்குறைய 680 மில்லிகிராம் பொய் சி.ஓ.டி. சேர வழியிருக்கிறது. குடுவையின் அடியில் தயிர்த்திப்பி மாதிரி வெள்ளையாய்க் கிடந்தது சில்வர் குளோரைடு. வினையூக்கி வேலைக்கு வராமல் படுத்துவிட்ட அடையாளம் அது. அதைத்தான் நான் சாயத்தின் கசடு என்று நினைத்திருந்தேன்.

ஐந்து மடங்கு நீர்த்துப் போட்டேன். பிளாங்க் 25.0 மில்லி, மாதிரி 20.5. வித்தியாசம் 4.5, அதை 0.1 நார்மலாலும் 8000ஆலும் பெருக்கி 20ஆல் வகுத்தால் 180, ஐந்து மடங்காக்கினால் 900. பட்டறைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று பத்து மடங்கு நீர்த்தேன். அப்போது ப்யூரெட்டில் 0.1 மில்லி பிசகினாலே விடை 40 நகர்கிறது. ஃபெரோயின் நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்குத் தாவுகிற அந்த ஒரு சொட்டில் என் கை பிசகாத நாள் குறைவு.

மிஞ்சிய திரவத்தில் செய்த கூத்து இதைவிட மோசம். ஒவ்வொரு குடுவையிலும் சுமார் 43 மில்லிகிராம் குரோமியம், 270 மில்லிகிராம் பாதரசம், 210 மில்லிகிராம் வெள்ளி. என் பயமெல்லாம் குரோமியம் ஆறின் மேல்தான். அதைக் குரோமியம் மூன்றாக மாற்றப்போகிறேன் என்று கேனில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கொட்டினேன். அமிலத்தில் அது கந்தக டைஆக்சைடாகக் கிளம்ப, இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், டைட்ரேஷன் முடிந்த குடுவையில் குரோமியம் ஆறே கிடையாது. ப்யூரெட்டிலிருந்து இறங்கிய இரும்பு அத்தனையையும் மூன்றாக்கிவிட்டிருந்தது. ஆறு இருந்த இடம் பிப்பெட் கழுவிய நீரும் பழைய டைக்ரோமேட் பாட்டிலும். அவற்றை நான் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது அந்த மிச்சத்தில் கொஞ்சம் அமிலம் விட்டு, அன்றன்று மீந்த ஃபெரஸ் கரைசலையே ஊற்றுகிறேன். ஆரஞ்சு பச்சையானால் போதும்.

அதோடும் விடவில்லை. குரோமியத்தைப் படிய வைக்கிறேன் என்று சுண்ணாம்பு போட்டேன். பி.எச். எட்டு, எட்டரை வந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு படியும் என்பது சரிதான். ஆனால் ஒரு குடுவை அமிலத்துக்கே 40 கிராம் சுண்ணாம்பு வேண்டும். வாளி கொதித்தது, ஜிப்சம் சேறானது. குடுவைக்கு 100 கிராம் அபாயக் கழிவை நானே உற்பத்தி செய்திருந்தேன். பாதரசம் அதில் முழுதாகப் படியும் என்று நம்பவும் முடியாது. அதை மடக்க சல்ஃபைடு வேண்டும். அமிலம் மிச்சமிருக்கும்போது சல்ஃபைடு போட்டால் வருவது நச்சு வாயு. கேனில் மூடி, பாதரசம், வெள்ளி, குரோமியம், அமிலம் என்று சீட்டு ஒட்டி, தொண்ணூறு நாளுக்குள் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புவதே உத்தமம் என்று அக்கா சொன்னது, சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் காதில் ஏறியது.

இப்போது மூடிய குழாய் முறைக்கு மாறிவிட்டேன். மாதிரி 2.5 மில்லி, அமிலம் 3.5 மில்லி; பாதரசம் எட்டில் ஒரு பங்கு. நேற்று ஒரே மாதிரியை இரண்டு குழாயில் போட்டேன், இரண்டும் ஒத்துப்போகவில்லை. பிப்பெட் நுனியில் பஞ்சு அடைத்திருந்தது.