‘டி’ பெரிசா, சின்னதா?

மயிலாப்பூரில் 1516 என்று ஆண்டு சொல்லும் லஸ் தேவாலயத்துக்குப் போர்ச்சுகீசிய மொழியில் முழுப்பெயர் ‘நோஸா சென்யோரா ட லூஸ்’. நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த ‘ட’வை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்தில் போடுவதா, சின்ன எழுத்தில் போடுவதா என்று நம்மூர்க்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு லூஸை லஸ் ஆக்கி, பஸ் நிறுத்தத்துக்கு வைத்துவிட்டார்கள். இந்த வசதி எல்லாப் பெயர்களுக்கும் வாய்க்காது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற சங்கடமே இல்லாததால், ஆங்கிலத்துக்குப் போனவுடன் எதையும் பெரிசாகப் போட்டால்தான் மரியாதை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. என் கட்சி வேறு: பெயருக்கு நடுவே வரும் வான், டி, அல் போன்றவற்றைப் பெரிசாக்குவது மரியாதை ஆகாது. அந்தப் பெயர் எந்த ஊர் வழக்கப்படி ஓடுகிறதோ அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு கணினியுடையது. பெயர்ப்பட்டியலை எக்ஸெலில் போட்டு அழகுபடுத்துகிறவர்கள் தட்டுவது இதைத்தான்:

```
=PROPER("vincent van gogh")
```

வருவது Vincent Van Gogh. அந்தக் கட்டளைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் நிமிர்த்தி வைப்பது. டச்சுக்காரர்களின் வழக்கமோ நுணுக்கமானது. முன்னால் முதற்பெயரோ இனிஷியலோ இருந்தால் வான் சின்னது: Vincent van Gogh. குடும்பப்பெயர் தனியாக வந்தால் அதே வான் பெரிசாகிவிடும்: Van Gogh. வீட்டுக்குள் அண்ணன் இருந்தால் தம்பி அடங்கியிருப்பான், அண்ணன் வெளியே போனதும் நாற்காலியில் ஏறிவிடுவான், அந்தக் கதைதான். எல்லையைத் தாண்டி பெல்ஜியம் போனால் இதுவும் செல்லாது. அங்கே பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. சண்டைப்பட ரசிகர்களுக்குத் தெரிந்த ஜான் குளோட் வான் டாமுக்கு எப்போதும் பெரிய V. பேத்தோவனுக்கோ குடும்பப்பெயரை மட்டும் சொல்லும்போது வான் ஒட்டுவதே இல்லை.

“ஒரே விதியாக எல்லாவற்றையும் பெரிசாக்கிவிட்டால் நிம்மதியாச்சே?” என்பார்கள். நிம்மதி அச்சுக்கோப்பவருக்கு மட்டும்தான். புத்தகத்தின் பின்னால் பெயரைத் தேடுகிறவருக்கு இல்லை. 1656-இல் மயிலாப்பூரில் காலமான இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலியை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் நடுவில் முழுப்பெயராக வந்தால் Roberto de Nobili. பழைய காலத்து இத்தாலியர்களுக்கு அதுதான் முறை. ‘டி நோபிலி’ என்று வாக்கியம் தொடங்கினால் D பெரிசாகும், அது வாக்கியத்துக்காக, அவருக்காக இல்லை. அந்த D-யைப் பார்த்துவிட்டு இதுதான் பெயரின் தலை என்று நினைப்பவர் பொருளடைவில் D-யில் தேடுவார். அடைவு தயாரித்தவரோ N-இல் வைத்திருப்பார். நல்லவேளை, அவருக்குத் தமிழில் ‘தத்துவ போதகர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அதில் எதையும் நிமிர்த்தவோ குனிய வைக்கவோ வேண்டியதில்லை.

“அப்படியானால் ஆழ்வார்பேட்டையில் De Monte Colony என்று D பெரிசாகத்தானே இருக்கிறது?” என்று மடக்கலாம். நியாயமான கேள்வி. போர்ச்சுகீசிய வழக்கில் அந்த ‘டி’ சின்னதுதான். ஆனால் ஜான் டி மான்டி ஆங்கிலேயர்களோடு சென்னையில் வியாபாரம் செய்தவர். பெயரும் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. குடியேறிய பெயர் புது ஊர் வழக்கப்படி உடுத்துவது சகஜம். அமெரிக்க ஜனாதிபதி மார்ட்டின் வான் ப்யூரனின் வானும் அப்படித்தான் பெரிசானது. 2015-இல் வந்த பேய்ப்படமோ இரண்டு சொல்லையும் சேர்த்து Demonte ஆக்கிவிட்டது. பேய் பங்களாவில் இருந்ததோ இல்லையோ, ‘டி’யை மான்டி விழுங்கிவிட்டது.

அரபுப் பெயர்களிலும் PROPER தடுக்கி விழுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். ‘அல்’ என்பது ஒட்டுச்சொல்லாக வரும்போது ஆய்வு நூல்களில் சின்ன எழுத்தும் இணைகோடும் போட்டு al-Biruni என்பார்கள். எக்ஸெல் அதை Al-Biruni ஆக்கும். சவூதி அரச குடும்பப் பெயரான Al Saud-இல் இருப்பதோ வேறு சொல், நெடிலாக ஒலிப்பது, வம்சத்தைக் குறிப்பது. அதற்கு இணைகோடு கிடையாது, பெரிய எழுத்துதான் சரி. சின்னதாக்கினால்தான் தப்பு. நம் அப்துல் கலாமின் பெயரிலும் ஓர் ‘அல்’ ஒளிந்திருக்கிறது. முன்சொல்லோடு சேர்ந்து கரைந்துபோனதால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் ஆடிய ஃபாஃப் டு பிளெஸிக்கு இந்தக் கவலையும் இல்லை. சட்டையின் முதுகில் போடும் பெயர் எல்லாமே பெரிய எழுத்தில்.