எழுத்தைக் கூட்டி அதிஷ்டத்தைப் பெருக்கும் முறை

மகனுக்குச் சாதாரண தரத்தில் கணிதம் தவறிவிட்டதா? கட்டார் விசா இழுபடுகிறதா? வயலுக்குள் யானை இறங்கிவிட்டதா? எல்லாவற்றுக்கும் பெயரின் எழுத்துத்தான் காரணம். திருத்துவது வலு சுகம்.

முதலில் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தில் தமிழில்தானே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. பெற்றவர்கள் வெல்லாவெளியில் தமிழில் கூப்பிட்டு வளர்த்திருக்கலாம். கிரகங்களுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும்.

அடுத்தது அட்டவணை. நம்மூர் எண்சாத்திரிகள் பலர் வைத்திருப்பது கீரோவின் அட்டவணை. கீரோ என்பது புனைபெயர். ஆள் 1866 இல் அயர்லாந்தில் பிறந்த கைரேகைக்காரர். A, I, J, Q, Y ஆகியவற்றுக்கு 1. B, K, R-க்கு 2. C, G, L, S-க்கு 3. D, M, T-க்கு 4. E, H, N, X-க்கு 5. U, V, W-க்கு 6. O, Z-க்கு 7. F, P-க்கு 8. ஒன்பது புனிதமானதாம், அதனால் எந்த எழுத்துக்கும் கிடையாது. இது பழைய கல்தேயர் கணக்கு என்று சொல்வார்கள். கல்தேயர் காலத்தில் J, U, W என்ற எழுத்துகளே பிறக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த வேண்டாம்.

பழகிப் பார்க்க ஊரின் பெயரையே எடுப்போம். VELLAVELI: 6+5+3+3+1+6+5+3+1, மொத்தம் 33, அதைக் கூட்டினால் 6. கடைசி எழுத்தை Y ஆக்கி VELLAVELY என்று எழுதுபவர்களும் உண்டு. I-க்கும் Y-க்கும் ஒரே மதிப்பு, ஆகவே அதுவும் 6. நல்லது, பலகையை மாற்றிப் பூச வேண்டியதில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேறு சாத்திரியிடம் போயிருந்தால் வில்லங்கம். அவர் பித்தாகரசின் பெயரால் வழங்கும் அட்டவணையை எடுப்பார்: A தொடங்கி I வரை 1 முதல் 9, பிறகு J-இல் மறுபடி 1. அதில் VELLAVELI 37. கூட்டிக் கூட்டி 1 வரும், அது சூரியன், அரச யோகம். VELLAVELY 35, அதாவது 8, சனி. ஒரே ஊர், ஒரே வயல், ஒரே யானை. ஒரு கொப்பியில் எழுத்து மாறினாலும் ஒன்றும் ஆகாது. மற்றதில் ஊரே சனியின் பிடியில். இரண்டில் எது சரி என்று சோதித்து அறியும் வழியை இரண்டு சாத்திரிகளிடமும் கேளுங்கள். தேநீர் வரும்; பதில் வராது.

சந்தேகப்படுவோரின் வாயை அடைக்க ஜெயலலிதாவை எடுத்துக்காட்டுங்கள். JAYALALITHA என்பதைக் கீரோ முறையில் கூட்டினால் 22. ஏமாறுகிறவரின் எண் என்பார் கீரோ. 2001 இல் கடைசியில் இன்னொரு a சேர்ந்தது, எண்சாத்திர ஆலோசனை என்று பத்திரிகைகள் எழுதின. மொத்தம் 23 ஆனது. கீரோவின் சொல்லில் அது சிங்கத்தின் ராஜ நட்சத்திரம். 2011 இலும் 2016 இலும் வென்றாரே, இதைவிட வேறென்ன அத்தாட்சி? இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து சொன்னால், 22 ஆக இருந்தபோதே 1991 இல் பெருவெற்றி பெற்று முதலமைச்சரானதையும், 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி பறிபோனதையும், 2006 இல் தோற்றதையும், 2014 இல் பெங்களூரில் சிறைக்குப் போனதையும் சொல்ல நேரும். தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளில் அவர் பெயர் தமிழில் முன்பும் பின்பும் ஒன்றுதான் என்பதும் வெளியே வந்துவிடும்.

நம்பாதவர்கள் செய்வது வேறு. விதியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஆட்களைப் பார்ப்பார்கள். 2012 இல் இஸ்ரேலில் ஒரு சோதனை நடந்தது. தொழில்முறை எண்சாத்திரி ஒருவரும் 200 பேரும் பங்கெடுத்தார்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்களை எண்கள் காட்டிக்கொடுக்குமா என்பதே கேள்வி. இரண்டு தரம் பார்த்தும் எண்ணுக்கும் ஆளுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே உங்கள் சாத்திரியிடம், 'இன்ன மாதத்துக்குள் இது நடக்கும், நடக்காவிட்டால் என் கணக்குப் பிழை' என்று திகதி போட்டுக் கையெழுத்துக் கேட்டுவிடாதீர்கள். உறவு கெடும். பலன் வராவிட்டால் அவரே வழி சொல்வார்: முதலெழுத்தையும் சேர்த்துக் கூட்டவில்லை, பிறந்த எண்ணோடு பொருந்தவில்லை, புதுப் பெயரைத் தினமும் எழுதிப் பழகவில்லை.

கடைசி வேலை, கூட்டிய எழுத்தை எல்லா இடத்திலும் ஏற்றுவது. அடையாள அட்டையில் ஒரு a, கடவுச்சீட்டில் இரண்டு a, வங்கிப் புத்தகத்தில் பழையபடி ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் அலைய வேண்டிவரும். ஒரு எழுத்து வாழ்க்கையையே மாற்றும் என்று சாத்திரி சொன்னது அந்தக் கிழமையிலேயே பலிக்கும். படிவங்களின் நகல்களைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாத்திரி அந்த a-வை எடுக்கச் சொல்லும்போது தேவைப்படும்.