அன்புள்ள மாணவா, உன்னை எனக்குத் தெரியாது

அக்டோபர் பிறந்தால் பருவமழையோடு பழைய மாணவர்களும் வந்து சேர்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பரில் கெடு. விண்ணப்பத்தோடு பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஆகவே "வணக்கம் சார், உடம்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தியின் மூன்றாவது வரியில் எல்ஓஆர் இருந்தே தீரும்.

சென்ற ஆண்டு அப்படி ஒருவன் வந்தான். "செகண்ட் இயர்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தீங்க சார், பி செக்‌ஷன்." அறுபது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பு. முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியும் பின்னால் ஊட்டியும் தெரிந்தன. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மதிப்பெண் நன்று. வருகை 76 விழுக்காடு. தேர்வெழுத 75 வேண்டும். இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிடும் ஆற்றலுக்கு மட்டும் நான் எங்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

"நீங்க சிரமப்பட வேண்டாம் சார், டிராஃப்ட் நானே ரெடி பண்ணிட்டேன். லெட்டர்ஹெட்ல போட்டு சைன் பண்ணினா போதும்." படித்தேன். நான்கு ஆண்டுகளாக அவனை அருகிலிருந்து கவனித்து வருகிறேனாம். அவனுடைய தலைமைப் பண்பைக் கண்டு வியந்தேனாம். மூன்றாவது பத்தியில் அவன் திடீரென்று பெண்ணாகிவிட்டான். சீனியர் அக்கா ஒருத்தியின் கடிதம், பாட்டி வளையல்போலக் கைமாறி இவனிடம் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் அந்தப் படிவத்தை நிரப்பியதில்லை போலும். பல்கலைக்கழகம் இணைப்பை நேரே நம் கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்பும். இவரை எத்தனை காலமாகத் தெரியும், எந்த முறையில் தெரியும் என்று முதலில் கேட்கும். பிறகு பல இடங்களில் ஒரு அட்டவணை வரும்: ஆய்வுத்திறன், எழுத்து, குழுவாக வேலை செய்வது ஒவ்வொன்றிலும் நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 5 விழுக்காட்டிலா, 10-லா, 25-லா? கடைசி நெடுவரிசையில் 'மதிப்பிடப் போதிய வாய்ப்பு இல்லை' என்று இருக்கும். நான் உண்மையாக நிரப்பினால் மேலிருந்து கீழ்வரை அந்த ஒரே நெடுவரிசையில்தான் டிக் அடிக்க வேண்டும். அதைப் படிக்கும் குழு, 'பாவம், வாத்தியாருக்கு ஆளைத் தெரியவில்லை' என்று மட்டும் நினைக்குமா? 'தெரிந்தும் சொல்ல மனமில்லை' என்றும் நினைக்கலாம். அமெரிக்கக் கணினித் துறையினரிடம் 'வகுப்பில் நன்றாகப் படித்தார்' வகைக் கடிதம் என்று ஒரு கேலிப் பெயரே உண்டு. மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கடிதம் அது. குறிப்பாக முனைவர் பட்டத்துக்கு அதனால் பயனே இல்லை.

சரி, மறுக்க வேண்டும். எப்படி? "பார்க்கலாம்பா" என்பது பெரியவர்களுக்குள் 'முடியாது'. மாணவன் காதில் 'சரி'. உடனே என் பெயரைத் தளத்தில் ஏற்றிவிடுவான், கெடுவுக்கு முந்தைய இரவு தொலைபேசி அடிக்கும். "வேலை ஜாஸ்தி" என்றால், "அதுக்குத்தானே சார் டிராஃப்ட்!" என்பான். பொய்க் காரணம் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு தீர்வோடு வருவான். பொறியியல் படித்தவன் அல்லவா. உண்மைக்கு மட்டும் அவனிடம் மாற்று வழி கிடையாது. அதையும் அன்றைக்கே சொன்னால்தான் வேறு ஆளைத் தேட அவனுக்கு நேரம் இருக்கும்.

இப்படி எழுதினேன்: "தம்பி, மேற்படிப்புக்குப் போவது மகிழ்ச்சி. நான் உனக்கு ஒரு பருவம் மட்டும், பெரிய வகுப்பில் பாடம் எடுத்தேன். உன் வேலையை அருகிலிருந்து பார்த்ததில்லை. நான் எழுதினால் கடிதம் பலவீனமாக இருக்கும், உனக்கே கெடுதல். இது உன் திறமையைப் பற்றிய கருத்து அல்ல. இறுதியாண்டு ப்ராஜெக்ட் கைடு யார்? இன்டர்ன்ஷிப்பில் யாரிடம் வேலை செய்தாய்? அவர்களைக் கேள். உன் நோக்க அறிக்கையை அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன்."

அன்று மாலை அவன் அப்பா பேசினார். "சார், பையன் மேல ஏதாச்சும் கோபமா?" இல்லை என்று புரியவைக்க அரைமணி ஆயிற்று. கடைசியில், "ஸ்வீட் பாக்ஸ் அனுப்பட்டுமா?" என்றார். அதையும் மறுத்தேன், அது கொஞ்சம் கடினமாக இருந்தது.

பையன் சமர்த்து. ப்ராஜெக்ட் கைடிடம் போனான். மூன்று மாதம் ஓடாமல் கிடந்த நிரலை இவன் எப்படி ஓட வைத்தான் என்பது அவருக்குத் தெரியும். அதையே எழுதுவதாகச் சொன்னாராம். நோக்க அறிக்கையை எனக்கு அனுப்பினான். அதிலும் ஓரிடத்தில் பெண்ணாக இருந்தான். திருத்திக் கொடுத்தேன்.

கேட்கப்போகும் பிள்ளைகளே, அக்டோபரிலேயே கேளுங்கள். நீங்கள் திணறியதையும் மீண்டதையும் பக்கத்தில் நின்று பார்த்தவரிடம் கேளுங்கள். டிராஃப்டை அனுப்புமுன் 'ஷி' எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.