காலை 7 மணிக்கு வந்தவர் நேற்று வந்தவரா?

கேள்வி: active_user என்ற ஒரே நெடுவரிசைக்கு விற்பனைக் குழு ஓர் எண் சொல்கிறது, நிதிக் குழு வேறு எண் சொல்கிறது. ஐ.டி. துறைக்குக் கடிதம் எழுதுகிறேன். என்ன கேட்கலாம்?
*வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு*

பதில்: காலை 7 மணிக்கு உள்ளே வந்தவர் இன்று வந்தவரா, நேற்று வந்தவரா? சர்வர் யூ.டி.சி. நேரப்படி நாளைப் பிரித்தால், பினாங்கில் காலை 8 மணிக்குத்தான் புது நாள் பிறக்கும். இரு குழுவின் ஒருநாள் பட்டியலையும் ஒப்பிடுங்கள். வேறுபடுவோர் எல்லாம் 8 மணிக்கு முன் வந்தவர்கள் என்றால் காரணம் கடிகாரம்தான்.

அடுத்து, எண்ணுவது ஆளையா, கணக்கையா? ஒருவர் இணைத்து வைத்த கணக்குகள் எல்லாவற்றையும் எண்ணியதால், 2019 முதல் 2021 வரை ட்விட்டரின் தினசரிப் பயனர் எண்ணிக்கை 19 லட்சம் வரை கூடிவிட்டது. 2022 ஏப்ரலில் நிறுவனமே அதைத் திருத்தி அறிவித்தது.

பதிலை எழுத்தில் வாங்குங்கள்.