டைகருக்கு வாழ்த்து: மூலமும் உரையும்

நல்லதண்ணியில் எங்கள் லயத்து அடுப்படிச் சுவரில், சோற்றுப் பசையால் ஒட்டிய நிலையில் இந்நூல் கிடைத்தது. கொப்பித் தாள், ஒரு பக்கம், பென்சில் எழுத்து. ஆசிரியர் என் அக்கா மகள், வயது ஏழு. பாட்டுடைத் தலைவன் டைகர் என்னும் செம்பட்டை நாய். மூலம் வருமாறு:

"அன்புள்ள டைகருக்கு பிறந்தநாள் வாழ்த்து. ஒனக்கு இன்னைக்கி ஏழு வயசு. எனக்கும் ஏழு. கேக் எனக்கு. ஒனக்கு ரொட்டி முழுசு. மலைக்குப் போற ஆளுங்க பிஸ்கட் போட்டா பின்னாலயே போவாத. ராவைக்கு இஸ்தோப்புல படுக்காத. புலி வந்தா கொலைக்காத. இப்படிக்கு ஒன் அக்கா."

தமிழில் நாயைப் பற்றி எழுத்து இல்லாமலில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கள்ளரைக் கடித்து மாண்ட கோவிவன் என்ற நாய்க்கு 7ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பொறித்த நடுகல் உண்டு. ஆனால் கோவிவன் செத்த பிறகுதான் கல்லேறியது. உயிரோடு ரொட்டிக்காக வாலாட்டி நிற்கும் நாய்க்கு எழுதப்பட்டது என்ற வகையில் நம் நூல் ஒருபடி மேல்.

முதற் சிக்கல் காலக்கணிப்பு. டைகர் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. சிவனொளிபாதமலை சீசன் முடிகிற வெசாக் பௌர்ணமியன்று கண் திறக்காத குட்டியாக வாழைப்பெட்டியில் கிடந்தது என்பது அப்பாயியின் வாய்மொழி. ஆகவே வெசாக்கே பிறந்தநாள். குட்டி கிடைத்த 2024இல் வெசாக் மே 23. வாழ்த்து எழுதிய 2025இல் மே 12. எண்ணிப் பார்த்தால் 354 நாள். நிலாக் கணக்கில் டைகருக்கு முதல் ஆண்டிலேயே 11 நாள் நஷ்டம். இதை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

அப்படியானால் ஒரு வயது நாய்க்கு ஏழு என்றது ஏன்? ஒன்றை ஏழால் பெருக்கும் பழைய வாய்ப்பாடு. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடோர் நாய்களின் மரபணுவில் வயதோடு படியும் வேதிமாற்றங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு, 2020இல் வேறு சூத்திரம் வெளியிட்டார்கள். நாய் முதலில் மளமளவென்று முதிர்ந்து பிறகு மெதுவாகிறது என்பது அதன் சாரம். அந்தக் கணக்கில் ஒரு வயது நாய் 31 வயது மனிதருக்குச் சமம். எங்கள் அக்காவுக்கு 29. அதாவது, "இப்படிக்கு ஒன் அக்கா" என்று ஆசிரியர் கையொப்பமிட்டது தன் தாயைவிட மூத்தவருக்கு. லாப்ரடோர் கணக்கு லயத்து நாய்க்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. உறவுமுறையை மாற்ற ஆசிரியர் சம்மதிக்கவில்லை.

"கேக் எனக்கு" என்பதைத் தன்னலம் என்பார் உளர். சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதால் மருத்துவம் ஆசிரியர் பக்கம். அவருக்கு மருத்துவம் தெரியாது என்பது வேறு விடயம்.

நூலின் உயிர் "புலி வந்தா கொலைக்காத" என்ற இடம். ஏட்டுத் தமிழில் குரைக்காதே. எங்கள் பேச்சில் கொலைக்காத. புலியைக் கொல்லாதே என்று உரை சொல்வாரும் உண்டு. டைகரைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். சிறுத்தையைத்தான் இங்கே புலி என்கிறோம். இரவில் தேயிலை ஓரமாக லயம்வரை வரும். இஸ்தோப்பில் படுத்த நாய் வாசனை பிடித்துக் குரைத்துக்கொண்டு வெளியே பாயும். புலிக்கு வேலை மிச்சம். காலையில் சங்கிலி மட்டும் கிடக்கும். எனவே நாயை இரவில் உள்ளே அடைப்பதொன்றே வழி. ஆசிரியர் இதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டியையும் 'குருளை' என்று ஒரே நூற்பாவில் கட்டுகிறது. அதன் காரணம் நல்லதண்ணியில்தான் விளங்கும். மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பார்கள். நாயைத் தேடி வரும் புலி அதில் மாட்டும். 2020 மே மாதம் இங்கே லக்சபான தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கரும்புலி, உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. ஆக நூற்பாவின் நான்கில் மூன்று ஒரே கம்பியில் வந்துவிடும். முயலுக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எஞ்சியது பிஸ்கட். யாத்திரிகர் போடும் ஒரு துண்டுக்காக எங்கள் நாய்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படியேறி உச்சிவரை போகும். அந்த ஆட்கள் இரத்தினபுரிப் பக்கம் இறங்கினால் நாயும் இறங்கிவிடும். திரும்ப வழி தெரியாது. டிசம்பர் பௌர்ணமியில் அடுத்த சீசன். நல்லதண்ணி வழியாக மலையேறும் வாசகர்களே, வால் நுனி வெள்ளையாக ஒரு செம்பட்டை நாய் பின்னால் வந்தால் தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். "வீட்டுக்குப் போ, அக்கா தேடுறா" என்று சொல்லுங்கள்.