ஹாய் சார், இருக்கீங்களா?

உலகத்திலேயே பதில் சொல்ல முடியாத கேள்வி இதுதான். “இல்லை” என்று எழுதினால் இருக்கிறேன் என்று ஆகிவிடும். “இருக்கேன்” என்று எழுதினால் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். எதற்கு மாட்டினேன் என்பது அடுத்த மெசேஜ் வந்தால்தான் தெரியும். அதுவும் உடனே வராது. “டைப் செய்கிறார்” என்று காட்டும், நிற்கும், மறுபடி காட்டும். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போனில் இந்தச் சம்பிரதாயம் சரி. இமானுவல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் போன் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்து 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். மணி அடிப்பது அழைப்பு, “ஹலோ” அதற்குப் பதில். பதில் வந்துவிட்டால் அழைத்தவர் விஷயத்துக்கு வந்தாக வேண்டும், எடுத்தவர் காது கொடுத்தாக வேண்டும். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதே “ஹலோ”வை சாட்டில் போட்டால் அந்த ஒரு நொடி எவ்வளவு நீளும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

எங்கள் ஆபீஸ் சென்னையில். டீமில் ஒருவர் நியூ ஜெர்சியில். கோடையில் அவர் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு அவர் “ஹாய் சார்” என்றார். இங்கே புதன் அதிகாலை ஒன்றரை. காலை 10 மணிக்கு நான் “ஹாய், சொல்லுங்க” என்றபோது அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர் 9 மணிக்கு ஆபீஸ் வந்து “நல்லா இருக்கீங்களா?” என்று அன்போடு விசாரித்தார். இங்கே மாலை ஆறரை, நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். வியாழன் காலை நலம் என்று தெரிவித்தேன். அன்று மாலை, அதாவது அவருடைய காலையில், கேள்வி புறப்பட்டது: “திங்கட்கிழமை ரிப்போர்ட்டை எந்த ஃபோல்டர்ல போட்டிருக்கீங்க?” வெள்ளிக்கிழமை காலை நான் ஒரே வரியில் பதில் எழுதினேன். செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தால் புதன்கிழமை காபியோடு பதிலைப் படித்திருப்பார். நடுவில் போனதெல்லாம் என் தேக நலன் பற்றிய விசாரணை.

குரூப்பில் நடப்பது வேறு ரகம். “எக்செல் நல்லா தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு தம்பி கேட்டான். நாற்பது பேருக்கு மேல் இருக்கிற குரூப், மயான அமைதி. தெரிந்தவர்கள் எல்லாம் ஒன்றையே நினைத்திருப்பார்கள்: கையைத் தூக்கினால் சனி, ஞாயிறு போச்சு. தெரியாதவர்களோ நமக்கில்லை என்று நகர்ந்துவிட்டார்கள். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று தம்பி கேள்வியையே போட்டான்: “சம்பள ஷீட்ல சில பேருக்கு மட்டும் `#N/A` வருது. அவங்க நம்பர் ரெண்டு ஷீட்லயும் இருக்கு. இதுதான் ஃபார்முலா.”

```
=VLOOKUP(A2,Sheet2!A:C,3,FALSE)
```

பதில் சொன்னது எக்செல் புலி யாரும் இல்லை, கணக்குப் பிரிவு அக்கா. “அந்த நம்பர் மட்டும் இடது பக்கமா ஒட்டிக்கிட்டு, மூலையில பச்சை முக்கோணம் தெரியுதா பாரு. தெரிஞ்சா அது நம்பரா இல்ல, எழுத்தா ஏறியிருக்கு. செலக்ட் பண்ணி `Convert to Number` குடு.” அவ்வளவுதான், வேலை முடிந்தது. “எக்செல் தெரியுமா?” என்று கேட்டிருந்தால் அக்கா சத்தியமாகத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அந்தப் பச்சை முக்கோணம் மட்டும் தெரியும். அதனால்தான் முதல் மெசேஜில் கேள்வியோடு, என்ன செய்து பார்த்தோம், திரையில் என்ன வந்தது என்பதையும் போடச் சொல்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதையாக இருக்குமா என்பார்கள். இருக்கும். தாத்தா இன்லேண்ட் லெட்டரில் “நலம், நலமறிய ஆவல்” என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டு, பதில் வந்த பிறகு அடுத்த லெட்டரிலா நெல் விலையைக் கேட்டார்? வணக்கமும் விசாரிப்பும் விஷயமும் ஒரே மடிப்பில் வந்தன, ஓரத்து மார்ஜினில் பாட்டியின் ஆசீர்வாதம் உட்பட. கெட்ட செய்தி, வீட்டு ரகசியம் என்றால் சேதி வேறு. அதற்குப் போன் இருக்கிறது. மெசேஜ் என்றால் பூட்டின திரையில்கூட முதல் வரி பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் மனைவியின் சித்தப்பாவிடம் ஒரு கல்யாணப் பந்தியில் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் மெசேஜ் வந்தது: “மாப்ளே, இருபதாயிரம் கைமாத்து கிடைக்குமா? அடுத்த மாசம் அஞ்சாம் தேதி தந்துடறேன். நல்லா இருக்கீங்களா?” வெறும் “இருக்கீங்களா மாப்ளே”வாக வந்திருந்தால் ரெண்டு நாள் இல்லாமலே இருந்திருப்பேன். போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது, முதலில் பார்த்தது மனைவி.

“சித்தப்பா எவ்ளோ தெளிவா கேட்டிருக்கார் பாருங்க,” என்றாள். “அனுப்பிடுங்க.”